பெயர்ப் பட்டியலில் நான் அழித்த வரி

எங்கள் சங்கத்தின் இணையப் பக்கம் மூன்று நாள் திறக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் பழி ஒரு பெண்ணின் மேல் இருந்தது. அவர் மேல் விழட்டும் என்று நான் திட்டமிடவில்லை. விழுந்தபோது தடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் பிறப்புப் பதிவு தாமதமானவர்களுக்கும் மனு எழுதித் தரும், பதிவு அதிகாரிகளை அழைத்து முகாம் நடத்தும் சிறிய சங்கம் எங்களுடையது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறைகள். துறைமுகத்தில் சரக்கு ஆவணப் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு அங்கே செயலாளரானேன். காகிதம் எனக்குப் பழகிய பொருள்.

நான் சொல்லும் பெண் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். இருபத்திரண்டு வயதுவரை அவருக்கே குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லை. அதனால்தான் எங்களிடம் உதவி செய்ய வந்தார். வந்த இரண்டாம் மாதமே கேட்டார்.

"அங்கிள், என்னென்ன டாக்குமெண்ட் கொண்டு வரணும், முகாம் எங்க, எப்பன்னு கேட்டுத்தானே பாதிப் பேர் போன் பண்றாங்க? அதெல்லாம் ஒரு வெப்சைட்ல போட்டுடலாமே."

தலைவர் தயங்கினார். வெப்சைட் என்றால் அதற்கு ஒரு சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று அவருக்கு நினைப்பு. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். எங்கள் பக்கங்களில் யாரும் பெயர் பதிய வேண்டியதில்லை, எதையும் நிரப்பி அனுப்ப வேண்டியதில்லை. படிக்க வேண்டும், படிவத்தை இறக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நிலையான பக்கங்களுக்கு சர்வர் தேவையில்லை. மேகச் சேமிப்பில் ஒரு பக்கெட் திறந்து, கோப்புகளை அதில் போட்டுவைத்தால் போதும். யார் கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கும்.

"பக்கெட்டா? ஓட்டை இல்லாம பாத்து வாங்கும்மா" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். பக்கெட் கொடுக்கும் முகவரி நீளமானது, யாராலும் நினைவில் வைக்க முடியாதது. அதனால் சங்கத்தின் பெயரில் ஒரு முகவரி வாங்கினோம். அந்த வகை பக்கெட்டின் இணையதள முகவரி பூட்டில்லாத http-யில் மட்டுமே பேசும். உலாவியில் பூட்டு தெரிய வேண்டுமானால், அதாவது https வேண்டுமானால், பக்கெட்டுக்கு முன்னால் ஒரு விநியோக வலையை நிறுத்த வேண்டும். அந்த வலை பக்கெட்டிலிருந்து பக்கத்தை எடுத்துத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பூட்டோடு கொடுக்கும். பூட்டுக்கு எங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தப் பெயர் எங்களுடையதுதான் என்று சான்றிதழ் கொடுப்பவர் நம்ப வேண்டும். அதற்கு அவர் ஒரு வரியைத் தருவார். அந்தப் பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ். பட்டியலில் அதைச் சேர்த்தால், அங்கே எழுதும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்பது அவருக்கு உறுதியாகும்.

இவ்வளவையும் அன்றைக்கே அவர் சொன்னார். நான் எழுதியும் வைத்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்த வரி எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். தலைவர் டீ வந்துவிட்டது என்று சொன்ன நேரம் அது.

பக்கம் நன்றாக நடந்தது. தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். எட்டு வருடமாக மனு எழுதிய எனக்கு யாரும் கைதட்டியதில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் தற்செயல்போல ஆகிவிடும்.

அதே கூட்டத்தில், சங்கத்தின் உடைமைகள் எல்லாம் செயலாளர் வசம் இருக்க வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பெயர் வாங்கிய கணக்கும் அதன் கடவுச்சொல்லும் என்னிடம் வந்தன. மேகக் கணக்கு முன்பிருந்தே சங்கத்தின் மின்னஞ்சலில்தான் இருந்தது. அந்த அஞ்சலைப் படிப்பவனும் நான்தான். பக்கெட், விநியோக வலை, சான்றிதழ் வேலைகளுக்கு அவருக்குத் தனியாக ஓர் உள்நுழைவு இருந்தது.

"மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க அங்கிள்" என்றார், கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்கும்போது.

"நான் கப்பல் கப்பலா கணக்கு பாத்தவன்மா" என்றேன்.

ஒரு வாரம் கழித்து டி.என்.எஸ். பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒன்பது வரிகள். சில எனக்குப் புரிந்தன. ஒன்று விநியோக வலையைக் காட்டியது, இரண்டு மின்னஞ்சலுக்கு உரியவை. இரண்டு வரிகள் நாங்கள் எப்போதோ விட்டுவிட்ட பழைய அஞ்சல் சேவையைச் சேர்ந்தவை. இன்னொரு வரி அடிக்கோட்டில் தொடங்கியது. அதற்குப் பின்னால் முப்பதுக்கு மேற்பட்ட எழுத்துகளும் எண்களும், பொருளே இல்லாமல். வலப்பக்கமும் அதேபோல.

துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரக்குப் பட்டியலில் ஒரு வரிக்கு உரியவர் யாரென்று தெரியாவிட்டால், எல்லாப் பிரிவுக்கும் ஒரு சீட்டு அனுப்பிக் கேட்போம். யாரும் உரிமை கோராவிட்டால் சிவப்பு மையால் அடித்துவிடுவோம். பட்டியல் சுத்தமாக இருந்தால்தான் கப்பல் தாமதமாகாது. அந்த மூன்று வரிகளையும் நான் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் சீட்டு அனுப்பவில்லை. கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவரிடம் கேட்க எனக்கு மனமில்லை. மூன்றையும் அழித்தேன்.

அழித்த பிறகு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பூட்டோடு வந்தது. மறுநாளும் வந்தது, மறுமாதமும் வந்தது. நான் செய்தது சரி என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்தேன்.

சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. முடிவதற்கு முன்னால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பிக்கும்போது, அந்த வரி இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கும். இருந்தால் யாருக்கும் தெரியாமல் வேலை முடிந்துவிடும். இல்லாவிட்டால் கணக்கு வைத்திருப்பவருக்கு மடல் அனுப்பும்.

மடல்கள் வந்தன. ஒன்றல்ல, நான்கோ ஐந்தோ. உங்கள் சான்றிதழைப் புதுப்பிக்க முடியவில்லை, கீழே உள்ள வரியைச் சேருங்கள், இன்னும் இத்தனை நாள் இருக்கிறது என்று ஆங்கிலத்தில். அந்தச் சமயம் நான் முகாமுக்கு முகாம் மோசடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீசிலிருந்து பேசுகிறேன் என்று வரும் அழைப்புகளில் எங்கள் ஆட்கள் பலர் ஏமாந்திருந்தார்கள். அவசரம் காட்டி எதையாவது செய்யச் சொன்னால் செய்யாதீர்கள், சிவப்பு எச்சரிக்கை வந்தால் உள்ளே போகாதீர்கள் என்று சொல்லுவேன். அந்த மடலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடமேவா என்று எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை இருக்கும். நான் மாடியில் தனியாகக் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா மகளோடு படியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு. தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டி வந்திருந்தார்கள்.

"முகாம் இன்னிக்குத்தானே அண்ணே?"

"இன்னிக்குத்தான்மா. ஆனா பட்டர்வொர்த்துல. போன வாரமே மாத்தி வெப்சைட்ல போட்டோமே."

மகள் சொன்னாள். "பாத்தேன் அங்கிள். வியாழக்கிழமையிலேர்ந்து தொறந்தா செகப்பா ஒரு பக்கம் வருது. உங்க தகவல திருடுவாங்கன்னு போட்ருக்கு. போன முகாம்ல நீங்கதானே அந்த மாதிரி வந்தா உள்ள போகாதேன்னு சொன்னீங்க."

பட்டர்வொர்த்துக்குப் போன் செய்தேன். பதிவு இலாகா அதிகாரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார், காத்திருக்க மாட்டார் என்றார்கள். திரும்பி ஃபெர்ரி ஏறினாலும் நேரம் போதாது. அடுத்த முகாம் மூன்று மாதம் கழித்து. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. படியில் இறங்கும்போது மகளிடம், "நீயாச்சும் ஒரு போன் போட்ருக்கலாம் பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

நான் கணினியைத் திறந்தேன். எனக்கும் சிவப்புப் பக்கம் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலையில் இருந்தார். பத்து நிமிடத்தில் திருப்பி அழைத்தார்.

"சர்ட்டிபிகேட் காலாவதி ஆயிடிச்சி அங்கிள். பக்கெட்ல பேஜெல்லாம் அப்படியே இருக்கு, ஒண்ணும் ஆகல. பூட்டுதான் போச்சி. மெயில் ஏதாச்சும் வந்துச்சா?"

"கவனிக்கலியேம்மா."

முதல் பொய் அது.

"சரி. காலாவதி ஆனத புதுப்பிக்க முடியாது, புதுசா ஒண்ணு கேட்ருக்கேன். டி.என்.எஸ்.ல ஒரு ரெக்கார்டு சேக்கணும். பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கு, நீங்களே போடுங்க. மெசேஜ்ல அனுப்பறேன், அப்படியே காப்பி பண்ணுங்க."

வரி வந்தது. அடிக்கோட்டில் தொடங்கியது. பின்னால் பொருளில்லாத எழுத்துகள். எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பட்டியல் பார்த்துப் பழகிய கண், ஒருமுறை அடித்த வரியை மறக்காது.

"முன்னாடி போட்ட அதே ரெக்கார்டுதான் அங்கிள். அதே கணக்கு, அதே பேருன்னா அதேதான் வரும்" என்றார் அவர். "பழசு இப்ப பட்டியல்ல இல்ல. நான் வெளியேர்ந்து தேடிப் பாத்துட்டேன்."

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அவர் காத்திருந்தார். பின்னால் தொழிற்சாலைச் சத்தம் கேட்டது.

"அப்படியா" என்றேன். "எப்படிப் போச்சோ."

"சரி அங்கிள். சேத்துட்டு சொல்லுங்க."

சேர்த்தேன். அரை மணி நேரத்தில் சான்றிதழ் வந்துவிட்டது. அதை விநியோக வலையில் அவர் பொருத்தியதும் பூட்டு திரும்பியது.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. தாசேக் கெலுகோர் அம்மாவின் செய்தி அதற்குள் புலனக் குழுவில் எல்லோர் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தலைவர் கோபமாக இருந்தார்.

"ஏம்மா, ஒரு லைசென்ஸ் முடியற தேதி ஒனக்குத் தெரியாதா? காடி ஓட்டணும்னா ரோட்டெக்ஸ நாமதானே பாத்துப் புதுப்பிக்கறோம்?"

"அது தானா புதுப்பிச்சிக்கும் சார். அதுக்கு ஒரு ரெக்கார்டு இருக்கணும். அது இல்லாமப் போச்சி."

"எப்படி இல்லாமப் போகும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னார். "எப்படிப் போச்சின்னு நான் சொல்ல முடியாது சார்."

தெரியாது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றார். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேனா அந்த இடத்தில் நின்றது. பிறகு, 'விளக்கம் திருப்தியளிக்கவில்லை' என்று எழுதினேன்.

"இது சரிவராது லா" என்றார் தலைவர். மக்களுக்கு ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும், பக்கத்திலேயே போட வேண்டும் என்று முடிவானது. வாசகத்தை எழுதும் பொறுப்பு செயலாளருக்கு. நான் எழுதினேன். 'இணையப் பக்கப் பொறுப்பாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம்.' நல்ல தமிழில், பிழையில்லாமல், ஒரே வாக்கியம். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் பொறுப்பாளர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

அதைப் பக்கெட்டில் ஏற்றியது அவர்தான். வேறு யாருக்கும் அப்போது ஏற்றத் தெரியாது. தன்னைக் குற்றம் சொல்லும் வாக்கியத்தைத் தானே பக்கத்தில் சேர்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, 'போட்டாச்சு அங்கிள்' என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். மறுநாள் விலகல் கடிதம் வந்தது. அதோடு பத்துப் பக்க ஒப்படைப்புக் குறிப்பும்.

அந்தக் குறிப்பை நான் ஆறு மாதம் திறக்கவில்லை. முகாம் தேதி மாறியபோதெல்லாம் புலனக் குழுவில் சொல்லிச் சமாளித்தோம். இணையப் பக்கத்தில் பழைய தேதியே இருந்தது. அடுத்த முகாமில் தாசேக் கெலுகோர் அம்மாவின் மகளுக்கு மனு எழுதினேன். மூன்று மாதம் தாமதமாக, ஆனால் எழுதினேன்.

பிறகு சுங்கை பினாங்கில் இருக்கும் இன்னொரு குழுவின் செயலாளர் எனக்குப் போன் செய்தார். தங்கள் பக்கத்தை அமைத்துத் தர அந்தப் பெண் முன்வந்திருக்கிறாராம்.

"ஆள் எப்படிண்ணே? கொஞ்சம் கவனக்குறைவுன்னு உங்க வெப்சைட்லயே போட்ருந்துச்சே."

"நல்ல பொண்ணுதான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "சரி சரி, புரியுது" என்று போனை வைத்தார்.

அன்று ஒப்படைப்புக் குறிப்பைத் திறந்தேன். எளிய தமிழ், படம் படமாக. கோப்பை எங்கே ஏற்றுவது, யாருக்கு எந்த அனுமதி. ஏழாம் பக்கத்தில் அந்த அடிக்கோட்டு வரியைப் பெரிதாகப் போட்டிருந்தார். அதன் கீழே: 'இது பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும். குப்பை இல்லை. இது இருக்கும்வரை சான்றிதழ் தானே புதுப்பித்துக்கொள்ளும். அழிக்க வேண்டாம். மாதம் ஒருமுறை இருக்கிறதா என்று பார்க்கவும்.' யார் அழித்தார்கள் என்று எங்கும் இல்லை. குறிப்பு எனக்காகவே எழுதப்பட்டது என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் மாலை அவர் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து அவருடைய அடுக்குமாடிக்குப் போனேன். கீழே உணவுக் கடையில் உட்கார்ந்தோம். பால் சேர்க்காத டீ, தே ஓ சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ரெக்கார்ட அழிச்சது நான்தாம்மா. மெயில் வந்ததும் நான் பாத்தேன். தூக்கிப் போட்டுட்டேன்."

"தெரியும் அங்கிள்."

"எப்பலேர்ந்து?"

"அந்த சனிக்கிழமையிலேர்ந்து. பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டுந்தானே இருந்துச்சி." தே ஓவைக் கலக்கிக்கொண்டே சொன்னார். "தப்பு யாருக்கும் வரும். எங்க ஆபீஸ்ல இதே மாதிரி ரெண்டு தடவ நடந்திருக்கு. அதுக்காக உங்கள யாரும் தூக்குல போட்ருக்க மாட்டாங்க. மீட்டிங்ல நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? முப்பது வருசம் போர்ட்ல கணக்கு பாத்தவரு சொல்றத நம்புவாங்களா, நான் சொல்றத நம்புவாங்களா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை லேசாக அசைத்தார்.

"அது இருக்கட்டும் அங்கிள். பேரு போடலன்னாலும் அந்தப் பக்கத்துல என்னைத்தான் சொல்லியிருக்கு. அத எடுங்க. சும்மா எடுத்தா போதாது. எடுத்துட்டா என்னா நடந்துச்சின்னு யாருக்கும் தெரியாது. என்னா நடந்துச்சோ அத எழுதுங்க."

அடுத்த செயற்குழுவில் எழுந்து சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழைய கத லா செக்ரட்டரி. வெப்சைட்ல அந்த அறிவிப்ப மட்டும் எடுத்துடுங்க. இத்தன வருசம் ஒழைச்சவரு, இந்த வயசுல எதுக்கு உங்களையே போட்டுக் கொடுத்துக்கறீங்க?"

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதே கருணையை ஏழு மாதத்துக்கு முன்னால் நான் வாங்கிக்கொண்டிருந்தேன், யாருடைய செலவில் என்று தெரிந்தே. முடியாது என்றேன். விவாதம் நடந்தது. கடைசியில் பழைய கூட்டக் குறிப்பைத் திருத்தவும், பக்கத்தில் திருத்தம் வெளியிடவும் ஒப்புக்கொண்டார்கள். இருவர் வாக்களிக்கவில்லை. நான் செயலாளர் பொறுப்பை விட்டேன். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

திருத்தத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் 'தெரியாமல்' என்ற சொல் இருந்தது. மூன்றாவதில் எடுத்துவிட்டேன். டி.என்.எஸ். பட்டியலிலிருந்து சான்றிதழுக்குரிய வரியை நீக்கியவர் முன்னாள் செயலாளர் என்றும், எச்சரிக்கை மடல்களைப் புறக்கணித்தவரும் அவரே என்றும், உண்மை தெரிந்த பிறகும் அதை மறைத்தார் என்றும், இணையப் பக்கப் பொறுப்பாளரிடம் எந்தத் தவறும் இல்லை என்றும் எழுதி, என் முழுப்பெயரைக் கீழே போட்டேன்.

ஒப்படைப்புக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய அறிவிப்பு இருந்த கோப்பைத் திருத்திப் பக்கெட்டில் ஏற்றினேன். ஏற்றம் முடிந்தது என்று வந்தது. உலாவியில் திறந்தேன். பழைய வாக்கியமே இருந்தது. 'பொறுப்பாளரின் கவனக்குறைவால்.' மறுபடி ஏற்றினேன். அதேதான். கைப்பேசியில் பார்த்தேன், அதிலும் அதேதான்.

அவருக்குப் போன் செய்யக் கை போனது. செய்யவில்லை. குறிப்பைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. விநியோக வலை தன்னிடம் உள்ள நகலையே ஒரு நாள்வரை கொடுத்துக்கொண்டிருக்கும், பக்கெட்டில் மாற்றினாலும் அதற்கு உடனே தெரியாது. அவசரமென்றால் நகலைக் கைவிடும்படி அதற்குக் கட்டளை கொடுக்கலாம். எங்கே அழுத்த வேண்டும் என்று படத்தில் அம்புக்குறி போட்டிருந்தார். ஏழு மாதம் காத்திருந்த ஒருவரை இன்னும் ஒரு நாள் காக்க வைப்பது சரியில்லை. கோப்பின் பாதையைத் தட்டச்சு செய்து அழுத்தினேன். சில நிமிடங்கள் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்தேன். என் பெயர் வந்தது.

இணைப்பை அவருக்கு அனுப்பினேன். சுங்கை பினாங்குக் குழுவின் செயலாளருக்கும் அனுப்பினேன். அவரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது, நீண்ட நேரம் பேசினார். அந்தப் பெண்ணிடமிருந்து மறுநாள் மதியம் ஒரு செய்தி வந்தது.

'பாத்தேன் அங்கிள். ரெண்டாவது பத்தியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு.'

திருத்தி மறுபடி ஏற்றினேன். அவர் எங்கள் சங்கத்துக்குத் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.